திவால் மனு ஏற்கப்பட்ட உத்தரவை எதிர்த்து முதல் அப்பீல்: எந்தக் காகிதம், எவ்வளவு கட்டணம், எத்தனை நகல், எந்தத் தேதிக்குள்

கேள்வி: "எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி மீது ஒரு சப்ளையர் போட்ட திவால் மனுவை தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி.யின் சென்னை பெஞ்ச் 2025 மார்ச் 3-ம் தேதி ஏற்றுக்கொண்டு, கம்பெனியை நடத்த ஐ.ஆர்.பி. என்ற இடைக்கால நிர்வாகியை நியமித்துவிட்டது. தரமில்லாத சரக்கு என்று நாங்கள் முன்பே மெயிலில் சொல்லியிருக்கிறோம், அதை ஏற்கவில்லை. இன்று 5-ம் தேதி. நானும் என் அண்ணனும் டைரக்டர்கள். அப்பீல் போட எந்தப் படிவம், என்னென்ன இணைக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு, எத்தனை நகல், கடைசி நாள் எது? உத்தரவின் நகல் இன்னும் எங்களுக்கு வரவில்லை, வந்த பிறகுதானே நாள் கணக்கு?"

பதில்:

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் பல அப்பீல்கள் செத்துப்போகின்றன. இல்லை, நகல் வந்த பிறகு கணக்கு தொடங்காது. மார்ச் 3-ம் தேதி திறந்த நீதிமன்றத்தில் உத்தரவைச் சொல்லிவிட்டார்கள் என்றால் உங்கள் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், இரண்டு சட்டங்கள் ஒரே தீர்ப்பாயத்துக்குப் பொருந்துகின்றன. கம்பெனிச் சட்டம் 2013-ன் 421-வது பிரிவில் போடும் அப்பீலுக்கு 45 நாள், அதுவும் உத்தரவின் நகல் கையில் கிடைத்த நாளிலிருந்து. உங்களுடையது அந்த வகை இல்லை. திவால் சட்டம் 2016-ன் 61-வது பிரிவில் வரும் அப்பீல். அதற்கு 30 நாள். போதுமான காரணம் காட்டினால் இன்னொரு 15 நாள் வரை, அப்பீலை விசாரிக்கும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்.சி.எல்.ஏ.டி. பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூட மன்னிக்க அதற்கு அதிகாரம் கிடையாது. நெட்டில் தேடி 421-ஐப் படித்துவிட்டு, நகல் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்களை நான் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன்.

இதை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வி. நாகராஜன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதுவும் சென்னை பெஞ்ச் உத்தரவுதான். 2019 டிசம்பர் 31-ல் சொல்லப்பட்ட உத்தரவு. அப்பீல் செய்தவர் இலவச நகலை எதிர்பார்த்துக் காத்திருந்து 2020 ஜூனில்தான் மனுப் போட்டார். தரப்பினருக்கு இலவச நகல் கொடுக்கச் சட்டத்திலேயே இடம் இருந்தும், அதற்காகக் காத்திருந்தது தப்பு என்றது நீதிமன்றம். அப்பீல் செய்ய நினைப்பவர் 30 நாளுக்குள் சர்ட்டிஃபைடு காப்பிக்குத் தானே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால் அந்த நகலைத் தயாரிக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்காதவருக்குக் கழிவு இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உத்தரவைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லாமல், பிறகு இணையத்தில் ஏற்றினால் மட்டும், ஏற்றிய நாள் கணக்குக்கு வரும் என்று 2023 டிசம்பரில் சஞ்சய் பாண்டுரங்க் கலாத்தே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கு மார்ச் 3-ம் தேதியின் வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்டில் 'உத்தரவுக்காக' என்று வந்திருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்திருந்தால் இந்த விதிவிலக்கை மறந்துவிடலாம்.

ஆகவே நாளைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். என்.சி.எல்.டி. ரெஜிஸ்ட்ரியில் சர்ட்டிஃபைடு காப்பிக்கு விண்ணப்பம் போட்டு, பக்கக் கணக்கில் வரும் சின்னக் கட்டணத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்பீல் மெமோவை யார் எழுதுவது, எந்த வக்கீல் என்பதெல்லாம் அப்புறம். இந்த ரசீது இல்லாமல் மற்றது எல்லாம் இருந்தும் பயனில்லை.

இப்போது உங்கள் தேதிகளையே போட்டுக் கணக்குப் பார்ப்போம். உத்தரவு மார்ச் 3, திங்கள். அந்த நாளை விட்டுவிட்டு 4-ம் தேதியை முதல் நாளாக எண்ண வேண்டும். 30-வது நாள் ஏப்ரல் 2. 45-வது நாள் ஏப்ரல் 17. இது கழிவே இல்லாத கணக்கு.

நீங்கள் மார்ச் 7-ம் தேதி நகலுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், 18-ம் தேதி நகல் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தேதிக்கும் இடையே 11 நாள். இரண்டு முனைகளையும் சேர்த்து 12 என்று வாதிட இடமுண்டு, ஆனால் நமக்கு எதற்கு வம்பு? 11 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கெடு ஏப்ரல் 13-க்குப் போகும், 45 நாள் எல்லை ஏப்ரல் 28-க்குப் போகும். ஏப்ரல் 13 ஞாயிறு. மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள், விடுமுறை. கடைசி நாள் அலுவலகம் மூடியிருந்தால் அடுத்த வேலைநாளில் தாக்கல் செய்யலாம் என்று விதி இருக்கிறது. அதை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், திட்டத்தில் வைக்காதீர்கள்.

நகலின் பின்பக்க முத்திரையில் மூன்று தேதிகள் இருக்கும்: விண்ணப்பித்த நாள், நகல் தயாரான நாள், கையில் கொடுத்த நாள். கழிவு தயாரான நாள் வரைக்கும்தான். 18-ம் தேதி தயாராகி, நீங்கள் 27-ம் தேதி போய் வாங்கினால் இடையில் உள்ள ஒன்பது நாள் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதனால் ஒருவரை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் ரெஜிஸ்ட்ரியில் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

சரி, இதெல்லாம் சட்டப்படியான கடைசி நாள். உங்கள் வழக்குக்கு உண்மையான கடைசி நாள் இது அல்ல. ஐ.ஆர்.பி. நியமனம் ஆன நாளிலிருந்து இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. மூன்று நாளுக்குள் பொது அறிவிப்பு. 14 நாளுக்குள் கடன் கொடுத்தவர்கள் உரிமை கோர வேண்டும், அது மார்ச் 17. அதன்பின் ஏழு நாளில் சரிபார்ப்பு, மார்ச் 24. அடுத்த இரண்டு நாளில் கடன் கொடுத்தோர் குழுவை அமைத்ததாக அவர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், மார்ச் 26. அதிலிருந்து ஏழு நாளில் குழுவின் முதல் கூட்டம், ஏப்ரல் 2. பார்த்தீர்களா, உங்கள் 30-வது நாளும் குழுவின் முதல் கூட்டமும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. ஐ.ஆர்.பி.க்கு உத்தரவு கிடைக்கத் தாமதமானால் இது சில நாள் தள்ளிப்போகும், ஆனால் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

குழு அமைந்துவிட்டால் என்ன ஆகும்? சப்ளையரோடு நாளையே சமாதானம் ஆனாலும் மனுவைத் திரும்பப் பெறக் குழுவில் 90 சதவீத ஓட்டு வேண்டும். குழு அமைவதற்கு முன் என்றால் அந்த ஓட்டு தேவையில்லை. எனவே அப்பீலும், 'குழுவை அமைக்க வேண்டாம்' என்று இடைக்காலத் தடை கேட்கும் மனுவும் மார்ச் 20-க்குள் பெஞ்ச் முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. உங்களிடம் இருப்பது ஆறு வாரம் அல்ல, இரண்டு வாரம்.

'சர்ட்டிஃபைடு காப்பியே 18-ம் தேதிதான் கிடைக்கும் என்றால் 20-க்குள் எப்படி?' என்று கேட்பீர்கள். அப்பீலோடு சர்ட்டிஃபைடு காப்பி இணைக்க வேண்டும் என்பது என்.சி.எல்.ஏ.டி. விதிகள் 2016-ல் 22-வது விதி. அதே விதிகளில் 14-வது விதி, தக்க காரணம் இருந்தால் விலக்குக் கொடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. இணையத்தில் இருக்கும் உத்தரவைப் பதிவிறக்கி இணைத்து, நகலுக்கு விண்ணப்பித்த ரசீதையும் வைத்து, விலக்குக் கேட்டு ஒரு இடைமனு போடலாம். நகல் வந்ததும் தாக்கல் செய்வதாக அதில் எழுத வேண்டும். ரசீது இல்லாமல் இந்த மனுவைப் போட்டால் முதல் கேள்வியே 'விண்ணப்பித்தீர்களா' என்பதாகத்தான் இருக்கும்.

அடுத்தது, அப்பீலை யார் பெயரில் போடுவது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிவத்தைத் தொடும் முன் இதை முடிவுசெய்ய வேண்டும். கம்பெனி பெயரில் போடாதீர்கள். மனு ஏற்கப்பட்டதும் இயக்குநர் குழுவின் அதிகாரம் இடைநிறுத்தப்பட்டு ஐ.ஆர்.பி.யிடம் போய்விட்டது. பழைய டைரக்டர்கள் கம்பெனியின் சார்பாக அப்பீல் நடத்த முடியாது என்று 2017-ல் இன்னோவென்டிவ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 61-வது பிரிவு 'பாதிக்கப்பட்ட எவரும்' அப்பீல் செய்யலாம் என்கிறது. நீங்களோ உங்கள் அண்ணனோ, இடைநிறுத்தப்பட்ட டைரக்டர், பங்குதாரர் என்ற முறையில் உங்கள் சொந்தப் பெயரில் அப்பீல்தாரர் ஆகுங்கள். ஒருவர் போதும். கம்பெனி லெட்டர்ஹெட், கம்பெனி முத்திரை, போர்டு தீர்மானம் எதுவும் வேண்டாம். என்.சி.எல்.டி.யில் உங்கள் வக்கீலிடம் கம்பெனிக்காகக் கொடுத்த வக்காலத்தும் இங்கே செல்லாது, உங்கள் பெயரில் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் பிரதிவாதி அந்த சப்ளையர். இரண்டாவது பிரதிவாதி கம்பெனியே, ஐ.ஆர்.பி. மூலமாக. ஐ.ஆர்.பி.யை விட்டுவிட்டுப் போட்ட அப்பீலில் தடை உத்தரவு வாங்கினாலும் அதைச் செயல்படுத்த வேண்டியவர் வழக்கிலேயே இல்லை என்று ஆகிவிடும். என்னிடம் வந்த ஒரு கோப்பில் இதே தவறு. வேறொருவர் தயாரித்த மெமோ, கம்பெனியே அப்பீல்தாரர், ஐ.ஆர்.பி. எங்கேயும் இல்லை. தலைப்பைத் திருத்தி, திரும்ப அஃபிடவிட் போட்டு, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் குழுவின் முதல் கூட்டம் நடந்துவிட்டது.

வழக்கறிஞர்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்களே ஆஜராகலாம், அல்லது சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரெட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் இவர்களில் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். ஆனால் தடை கேட்டு இரண்டு வாரத்தில் ஓட வேண்டிய வழக்குக்கு, அந்தப் பெஞ்சில் வாடிக்கையாக நிற்பவரைப் பிடிப்பது நல்லது.

படிவத்துக்கு வருவோம். அப்பீல் மெமோ என்.சி.எல்.ஏ.டி-1 என்ற படிவத்தில் இருக்க வேண்டும். தடை, விலக்கு, தாமத மன்னிப்பு போன்ற இடைமனுக்கள் என்.சி.எல்.ஏ.டி-2 படிவத்தில், ஒவ்வொன்றுக்கும் தனி அஃபிடவிட்டோடு. படிவத்தின் பெரும்பாலான கட்டங்கள் விலாசம், வழக்கு எண் என்று தானாக நிரம்பிவிடும். கவனம் வேண்டியது இரண்டே இடம்.

ஒன்று, காலவரம்பு பற்றிய பத்தி. 'காலத்துக்குள் தாக்கல் செய்யப்படுகிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள். உத்தரவுத் தேதி, நகலுக்கு விண்ணப்பித்த தேதி, தயாரான தேதி, கழிக்கும் நாட்கள், தாக்கல் தேதி என்று மேலே போட்ட கணக்கை அப்படியே எழுதுங்கள். ரெஜிஸ்ட்ரியில் சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டு, சட்டக் கேள்விகளும் அப்பீல் காரணங்களும். உங்கள் வழக்கில் உயிர்நாடி ஒன்றே ஒன்று: பாக்கியைக் கேட்டு சப்ளையர் அனுப்பிய டிமாண்ட் நோட்டீஸ் வருவதற்கு முன்பே தரம் பற்றிய தகராறு இருந்தது. திவால் சட்டத்தின் 8, 9-வது பிரிவுகள் இதைத்தான் கேட்கின்றன. தகராறில் நீங்கள் ஜெயிப்பீர்களா என்பதைத் தீர்ப்பாயம் பார்க்காது. அது ஒப்புக்குச் சொன்ன சாக்கு அல்ல, நோட்டீஸுக்கு முன்பிருந்தே நிஜமாக இருந்த தகராறு என்று தெரிந்தால் போதும் என்பது 2017-ல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். ஆகவே காரணங்களில் 'இயற்கை நீதி மீறப்பட்டது', 'உத்தரவு சட்டவிரோதமானது' என்று இருபது பத்தி நிரப்புவதைவிட, எந்தத் தேதியில் எந்த மெயிலில் எந்த பில்லின் சரக்கைப் பற்றிப் புகார் சொன்னீர்கள், அது பேப்பர் புக்கில் எந்தப் பக்கம், என்.சி.எல்.டி. உத்தரவில் எந்தப் பத்தி அதைத் தள்ளிவிட்டது என்று நாலு பத்தி எழுதினால் வேலை செய்யும். உங்கள் கடைசிப் புகார் மெயில் நோட்டீஸுக்குப் பிறகு அனுப்பியது என்றால் அதை முன்னால் வைக்காதீர்கள், எதிராளிக்குத்தான் உதவும்.

இணைப்புகளை இந்த வரிசையில் கோர்ப்பது என் வழக்கம். முதலில் சுருக்கமும் தேதிப் பட்டியலும். அப்புறம் அப்பீல் மெமோ, அதற்கான அஃபிடவிட். அடுத்து எதிர்க்கப்படும் உத்தரவின் சர்ட்டிஃபைடு காப்பி, அல்லது பதிவிறக்கிய நகல். பிறகு என்.சி.எல்.டி.யில் நடந்தது நடந்த வரிசையில்: டிமாண்ட் நோட்டீஸ், நீங்கள் பத்து நாளுக்குள் கொடுத்த பதில், சப்ளையரின் 9-வது பிரிவு மனு முழுவதும் அதன் இணைப்புகளோடு, உங்கள் எதிருரை, அவருடைய மறுமொழி, எழுத்து வாதம் கொடுத்திருந்தால் அதுவும். கடைசியில் இடைமனுக்கள், வக்காலத்து, கட்டண ரசீது, பிரதிவாதிகளுக்கு நகல் அனுப்பியதற்கான ஆதாரம்.

இங்கே ஒரு சபலம் வரும். என்.சி.எல்.டி.யில் காட்ட மறந்த ஒரு மெயிலோ லேப் ரிப்போர்ட்டோ இப்போது கையில் கிடைத்திருக்கும். அதைப் பழைய ஆவணங்களின் நடுவே செருகிவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கீழ்க்கோர்ட்டுக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார், அதன்பின் உங்கள் மற்ற ஆவணங்களையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். புது ஆவணம் என்று சொல்லி, முன்பு ஏன் தரவில்லை என்ற காரணத்தோடு தனி இடைமனுவாகக் கொடுங்கள்.

ஆவணங்களின் தோற்றத்துக்கும் விதி இருக்கிறது. 19-வது விதிப்படி ஆங்கிலத்தில், ஒரு பக்கம் மட்டும், இரட்டை வரி இடைவெளியில், மேலே சுமார் 4 செ.மீ., இடது பக்கம் 5 செ.மீ., வலது பக்கம் 2.5 செ.மீ. ஓரம் விட்டு, பக்க எண்ணும் பொருளடக்கமும் போட்டுத் தைக்க வேண்டும். தமிழில் இருக்கும் டெலிவரி சலான், கையெழுத்துக் குறிப்பு எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். மங்கிய ஜெராக்ஸ் நகல்களைத் தட்டச்சு செய்து அடுத்த பக்கத்தில் வையுங்கள். நிறையத் தடவை கோப்பு திரும்பி வருவது சட்டப் பிரச்சினையால் இல்லை, இந்த மங்கிய பக்கங்களாலும் பொருளடக்கத்தில் உள்ள பக்க எண் உள்ளே ஒத்துப்போகாததாலும்தான். கடைசி நிமிடத்தில் ஒரு இணைப்பை நடுவில் சேர்த்தால் பின்னால் வரும் எல்லா எண்ணும் மாறும், மெமோவில் நீங்கள் மேற்கோள் காட்டிய பக்கங்களும் மாறும். பக்க எண் போடுவதை எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஆளிடம் கொடுங்கள்.

கட்டணம் பெரிய விஷயமில்லை. அப்பீலுக்கு 5,000 ரூபாய். கடன் தொகை ஒரு கோடியோ நூறு கோடியோ அதேதான், முன்வைப்புத் தொகை எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு இடைமனுவுக்கும் 1,000 ரூபாய். உங்களுக்குத் தடை மனு ஒன்று, சர்ட்டிஃபைடு காப்பி விலக்கு மனு ஒன்று, ஆக மொத்தம் 7,000. முப்பது நாளைத் தாண்டினால் தாமத மன்னிப்பு மனுவுக்கு இன்னொரு ஆயிரம். பணத்தை bharatkosh.gov.in வழியாகக் கட்டலாம். கட்டுபவர் பெயரும் அப்பீல்தாரர் பெயரும் ஒன்றாக இருப்பது நல்லது. இதைச் சொல்வதற்குக் காரணம், பழக்கதோஷத்தில் கம்பெனிக் கணக்கிலிருந்து கட்டப் பார்ப்பீர்கள். அந்தக் கணக்கு இப்போது ஐ.ஆர்.பி.யின் கட்டுப்பாட்டில். சொந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள்.

நகல் எத்தனை? தீர்ப்பாயத்துக்கு மூன்று செட், அதோடு பிரதிவாதி ஒருவருக்கு ஒன்று. உங்களுக்கு இரண்டு பிரதிவாதிகள், ஆக ஐந்து. வக்கீலுக்கும் உங்களுக்கும் ஒவ்வொன்று சேர்த்து ஏழாக அடித்துவிடுங்கள், பிறகு தனியாக ஒன்று அடிக்கும்போது பக்கம் விட்டுப்போகும். பொருளடக்கமும் மூன்று பிரதி. பிரதிவாதிகளுக்குத் தாக்கலுக்கு முன்பே ஸ்கேன் செய்த முழு செட்டை மெயிலில் அனுப்பி, அந்த மெயிலை அச்செடுத்து இணைக்க வேண்டும். சப்ளையரின் என்.சி.எல்.டி. வக்கீலுக்கும் ஒரு பிரதி அனுப்பினால் முதல் நாளே 'எனக்குக் கிடைக்கவில்லை' என்று வாய்தா கேட்க முடியாது.

எங்கே தாக்கல்? தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, லட்சத்தீவு ஆகியவற்றுக்கு என்.சி.எல்.ஏ.டி.யின் சென்னை பெஞ்ச். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. முதலில் efiling.nclat.gov.in தளத்தில் ஏற்ற வேண்டும், அப்புறம் காகிதச் செட்டைக் கொடுக்க வேண்டும். காலவரம்புக்கு எந்த நாள் என்பதில் 2022-ல் கொஞ்ச காலம் பெரிய குழப்பம் இருந்தது. அந்த அக்டோபரில் வந்த சுற்றறிக்கை காகிதம் கொடுத்த நாள்தான் என்றது, டிசம்பரில் அதை மாற்றி இணையத்தில் ஏற்றிய நாள் என்றார்கள். 2023-ல் சங்கேத் குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இணையத்தில் ஏற்றிய நாளையே எடுத்துக்கொண்டது. அதில் 45-வது நாளில் ஏற்றிய அப்பீலைக் காலம் கடந்தது என்று தள்ளிய உத்தரவு ரத்தானது. ஆனால் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏழு நாளுக்குள் காகிதச் செட் போய்ச் சேர வேண்டும். அப்பீலும் கட்டணமும் ஏறிய பிறகு தளம் தரும் தாக்கல் எண்ணையும் தேதியையும் திரையில் உள்ளபடி சேமித்து அச்செடுத்து வையுங்கள். பின்னால் தேதித் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

அடுத்து ஸ்க்ரூட்டினி. குறை இருந்தால் ரெஜிஸ்ட்ரி 'டிஃபெக்ட்' என்று பட்டியல் போட்டுத் திருப்பும். ஏழு நாளில் சரிசெய்து திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் மறுதாக்கல் தாமதம் என்று தனி மனு போட வேண்டிவரும். இந்தத் தாமதம் அந்த 15 நாள் எல்லைக்குள் அடங்காது, தக்க காரணம் இருந்தால் மன்னிக்கலாம் என்று என்.சி.எல்.ஏ.டி.யின் ஐந்து உறுப்பினர் அமர்வு 2022-ல் சொல்லியிருக்கிறது. அதனால் டிஃபெக்ட் வந்தால் அப்பீல் சாகாது. ஆனால் எண் கிடைக்காத அப்பீல் பெஞ்ச் முன் வராது, வராத அப்பீலில் தடை கிடைக்காது. உங்களுக்கு மார்ச் 26 முக்கியம் என்பதால் பட்டியல் எப்போது வரும் என்று காத்திருக்காமல் தினமும் தளத்தைத் திறந்து பாருங்கள். எண் கிடைத்தவுடன் அவசரமாகப் பட்டியலிடக் கேட்டு வக்கீல் பெஞ்ச் முன் குறிப்பிட வேண்டும்.

30 நாள் தாண்டிவிட்டால் போடும் தாமத மன்னிப்பு மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'அண்ணனுக்கு உடம்பு சரியில்லை', 'வக்கீல் ஊரில் இல்லை' என்று பொதுவாக எழுதினால் போதாது. எத்தனை நாள் தாமதம் என்று எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், முப்பதாவது நாள் முதல் தாக்கல் நாள் வரை என்ன நடந்தது என்று தேதிவாரியாகச் சொல்ல வேண்டும், ஆதாரம் இணைக்க வேண்டும். சப்ளையரோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தோம் என்பதைக் காரணமாக எழுதுகிறவர்கள் அதிகம். அது நிஜமாகவே இருக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் பெஞ்ச் முன் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சமாதானம் பற்றி இன்னொன்று. பேச்சுவார்த்தையும் அப்பீலும் ஒன்றுக்கொன்று தடையில்லை. சப்ளையர் ஒத்துக்கொண்டால், குழு அமைவதற்குள் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஐ.ஆர்.பி. மூலம் என்.சி.எல்.டி.யில் திரும்பப் பெறும் மனுப் போடலாம், அல்லது அப்பீலிலேயே அதைப் பதிவு செய்யக் கேட்கலாம். அதுவரைக்கும் ஐ.ஆர்.பி. செய்த செலவும் அவருடைய கட்டணமும் யார் கொடுப்பது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

உங்கள் நாட்காட்டி இப்படி இருக்கட்டும். மார்ச் 6 அல்லது 7, நகல் விண்ணப்பம். 8, 9 சனி ஞாயிறில் என்.சி.எல்.டி. கோப்பை முழுசாகத் திரட்டி, நோட்டீஸுக்கு முந்தைய புகார் மெயில்களைத் தேதிவாரியாகப் பிரியுங்கள். 14-க்குள் மெமோவும் இரண்டு இடைமனுக்களும் கையெழுத்தாகி நோட்டரி முத்திரையோடு தயாராக வேண்டும். 17-ம் தேதி இணையத்தில் ஏற்றி, மறுநாளே காகிதச் செட். 18-ம் தேதி அதைக் கொடுக்கப் போகும்போது, என்.சி.எல்.டி. ரெஜிஸ்ட்ரியில் சர்ட்டிஃபைடு காப்பியும் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயாராக இருந்தால் விலக்கு மனுவுக்கே வேலையில்லாமல் போகும், ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும்.